டைம் டிராவல் கதை: நடந்தது மாறாதா, கிளை பிரியுமா?

"டைம் டிராவல் கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். நடந்தது நடந்தது தான், மாத்தவே முடியாதுன்னு ரூல் வைக்கலாமா, இல்ல மாத்துனா புதுசா ஒரு டைம்லைன் பிரியும்னு வைக்கலாமா? எதுல கதை நல்லா வரும்? முதல் டைப்ல முடிவு முன்னாடியே தெரிஞ்சிடுதே, அப்புறம் யாரு படிப்பா?"

உங்க கேள்வில கடைசி வரி தான் நிஜமான கேள்வின்னு எனக்குத் தோணுது. முடிவு தெரிஞ்ச கதைய எப்படி நகத்துறதுங்கிற பயம் அது. நான் பதினாலு வருஷமா சயின்ஸ் ஃபிக்ஷன் சிறுகதை எழுதுறேன், அதைவிட அதிகமா மத்தவங்க டிராஃப்ட்ட படிச்சு எங்க ஓட்டைன்னு சொல்ற வேலை பாத்திருக்கேன். பிசிக்ஸ் பி.எஸ்சி யோட நின்னு போச்சு, அதனால விஞ்ஞானத்த பத்தி நான் சொல்றத அந்த அளவுக்கு எடுத்துக்கங்க. கதைய பத்தி சொல்றதுல கொஞ்சம் உறுதியா பேசுவேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடலாம். நீங்க ரெண்டு டைப் சொல்றீங்க, மாத்தவே முடியாத ஃபிக்ஸட் டைம்லைன், புதுசா பிரியுற கிளை, ஆனா சினிமால அதிகமா வர்றது மூணாவது டைப். பேக் டு தி ஃபியூச்சர் (1985) ஞாபகம் இருக்கா, மார்ட்டியோட கைல இருக்கிற போட்டோல அண்ணன், அக்கா, அப்புறம் அவன்னு ஒவ்வொருத்தரா மங்கிப் போவாங்க. இது ஃபிக்ஸட்டும் இல்ல, கிளையும் இல்ல. கிளையா இருந்தா அவன் கிளம்பி வந்த உலகம் அப்படியே பத்திரமா இருக்கும், போட்டோ மங்க வேண்டிய அவசியமே இல்ல. இங்க இருக்கிறது ஒரே டைம்லைன், அதை அழிச்சு அழிச்சு எழுதலாம், சிலேட்டு மாதிரி. லாஜிக்கா பாத்தா இது தான் மூணுலயும் மோசம். ஏன் ஒரேயடியா மறையாம அண்ணன் தலைல ஆரம்பிச்சு மெதுவா மறையுதுன்னு கேட்டா யார்கிட்டயும் பதில் கிடையாது. ஆனா அந்த போட்டோ தியேட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு கடிகாரம், இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு காட்டிட்டே இருக்கு. காமெடிக்கு இது போதும், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. சீரியஸா எழுதப் போறீங்கன்னா சிலேட்டு ரூல் பக்கம் போகாதீங்க. என்கிட்ட வர்ற டிராஃப்ட்ல பாதிக்கு மேல "கிளை"ன்னு சொல்லிட்டு உள்ள சிலேட்டு தான் இருக்கும், எழுதுனவருக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ஹீரோ கிளம்பி வந்த உலகம் இப்போ எங்க இருக்கு? "அது மாறிடுச்சு"ன்னு பதில் வந்தா சிலேட்டு. "அது அங்கயே ஓடிட்டு இருக்கு, இவன் தான் அங்க இல்ல"ன்னு வந்தா கிளை.

இப்ப உங்க பயத்துக்கு வரேன். முடிவு தெரிஞ்சா யாரு படிப்பா? பரீட்சித்து மகாராஜா கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், ஏழு நாள்ல தட்சகன் கடிச்சு சாவான்னு சாபம். அவர் ஒத்தத் தூண் மேல மண்டபம் கட்டி, சுத்தி காவல் போட்டு உக்காந்துக்கிறாரு. சாவாருன்னு கேக்குற குழந்தைக்கும் தெரியும், ஆனா காத உள்ள வச்சு கேக்கும், ஏன்னா எப்படி உள்ள வரப்போகுதுன்னு தெரியாது. பழத்துக்குள்ள பூச்சியா வருது. ஃபிக்ஸட் டைம்லைன் கதைங்கிறது இந்த ஜோசியக் கதையோட பேரன் தான். என்ன நடக்கும்னு தெரியும், எந்த வழியா வரும்னு தெரியாது.

ஆனா அதைவிட நல்ல ஒரு வித்தை இருக்கு, அதைத் தான் நீங்க கத்துக்கணும்னு சொல்வேன். நடந்தது மாறாது, சரி. ஆனா என்ன நடந்துச்சுங்கிறது நமக்கு முழுசா தெரியுமா? ஹாரி பாட்டர் மூணாவது புக்க (1999) எடுத்துக்கங்க. பக்பீக்குன்னு ஒரு பறக்கிற மிருகத்த கொல்லப் போறாங்க, மூணு பிள்ளைங்க நடந்து போயிட்டு இருக்காங்க, பின்னாடி கோடாலி இறங்குற சத்தம் கேக்குது. போச்சுன்னு முடிவு பண்றாங்க, நாமளும் முடிவு பண்றோம். கவனிங்க, அவங்க பிணத்த பாக்கல. சத்தம் மட்டும் தான் கேட்டாங்க. அப்புறம் மூணு மணி நேரம் பின்னாடி போய் பாத்தா, பக்பீக்க இவங்களே அவுத்துட்டுப் போயிட்டாங்க, கொல்ல வந்தவன் கடுப்புல கோடாலிய வேலில இறக்குறான். அந்த சத்தம் தான் இது. ஒரு நொடி கூட மாறல, ஆனா செத்துச்சுன்னு நெனச்சது உயிரோட இருக்கு. ஏரிக்கு அந்தப் பக்கம் மந்திரம் போட்டு காப்பாத்துனது செத்துப்போன அப்பா தான்னு ஹாரி நம்பிட்டு இருப்பான், திரும்ப வந்து அதே கரைல நின்னு அப்பா வருவாருன்னு காத்திருந்து காத்திருந்து, யாரும் வரலன்னதும் தான் புரியும், அன்னைக்கு பாத்தது தன்னைத் தான்னு. அப்பாவுக்காகக் காத்திருந்த பையன் அந்த இடத்துல தானே நிக்க வேண்டி வருது. சிலேட்டு ரூல்ல இந்த சீன் எழுதவே முடியாது.

ஆக ஃபிக்ஸட் கதை எழுதுறதுன்னா நான் பேப்பர்ல நடுவுல ஒரு கோடு போடுவேன், இடது பக்கம் என்ன நடந்துச்சு, வலது பக்கம் யாரு எதைப் பாத்தாங்க, கேட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து தான் கதை. சந்து இல்லன்னா, அதாவது ஹீரோ எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டான்னா, ஃபிக்ஸட் கதைல அவனுக்கு வேலையே கிடையாது, சும்மா போய் வேடிக்கை பாத்துட்டு வரணும்.

ஃபிக்ஸட்ல எங்க சொதப்பும்னா, தடுக்கப் போறவன ஏதாவது ஒண்ணு வந்து வந்து தடுக்கும். துப்பாக்கி ஜாம் ஆகும், வாழைப்பழத் தோல்ல வழுக்குவான், பஸ் லேட்டு. டேவிட் லூயிஸ்னு ஒரு அமெரிக்க தத்துவக்காரர், 1976ல டைம் டிராவல் முரண்பாடுகள பத்தி ஒரு கட்டுரை எழுதுனாரு, அதுல டிம்னு ஒருத்தன் 1921க்குப் போய் தாத்தாவ சுடப் பாக்குறான். தாத்தா 1957ல தான் படுக்கைல செத்தாருன்னா டிம் சுட்டுக் கொல்லப் போறதில்ல, அது நிச்சயம். ஆனா அவன தடுக்க ஒரு காலப் போலீஸ் வேண்டியதில்ல, ஏதோ ஒரு சாதாரண காரணத்துக்காக அவன் தோத்திருப்பான், சத்தம் கேட்டு கவனம் சிதறியிருக்கும், குறி தவறியிருக்கும், மனசு வராம போயிருக்கும், அவ்ளோதான்கிறாரு. லாஜிக் பக்கா, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா லாஜிக்குக்கு சரியா இருக்கிறது கதைக்கு போதாது. குறி தவறுச்சுன்னு எழுதுனா ஒரு தடவை நம்புவாங்க, ரெண்டாவது தடவை ஆசிரியரே உள்ள வந்து தட்டிவிடுறாருன்னு வாசகனுக்குத் தெரிஞ்சிடும். லூயிஸ் சொன்ன மூணுல கதைக்கு உதவுறது கடைசி மட்டும் தான், மனசு வராம போறது.

இதுக்கு ஒரு நல்ல மாடல் பிசிக்ஸ்ல இருந்தே கிடைக்குது. ஜோ போல்ச்சின்ஸ்கின்னு ஒரு பிசிக்ஸ்காரர் ஒரு புதிர் போட்டாரு: ஒரு பில்லியர்ட்ஸ் பந்து வார்ம்ஹோல்ங்கிற குறுக்கு வழி உள்ள போய், கொஞ்சம் முன்னாடி நேரத்துல வெளிய வந்து, உள்ள போகப் போற தன்னையே இடிச்சுத் தள்ளிவிட்டுடுச்சுன்னா? போகவே இல்லன்னா எப்படி வந்துச்சு? 1991ல எச்செவெரியா, கிளிங்க்ஹாமர், கிப் தோர்ன் மூணு பேரும் கணக்கு போட்டுப் பாத்தப்ப, முரண்பாடு இல்லாத விடை இருக்குன்னு வந்துச்சு. வெளிய வர்ற பந்து நேரா இடிக்கல, லேசா உரசுது. உரசுனதால உள்ள போற பந்து கொஞ்சம் கோணலா போகுது, கோணலா போனதால தான் வெளிய வரும்போது நேரா இடிக்காம உரசுது. அழகு பாத்தீங்களா, தடுக்க வந்த அடி தான் அந்த வழிக்கே காரணம். யாரும் வெளிய இருந்து வந்து தடுக்கல. இது கணக்கு மட்டும் தான், நிஜத்துல அப்படி ஒரு வார்ம்ஹோல் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஆனா பிளாட் போடுறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல. ஹீரோ பண்ற முயற்சியோட அளவும் கோணமும் தான் அந்த சம்பவத்த உண்டாக்கணும்.

இப்ப கிளை. இதோட பிரச்சனைய புரிஞ்சுக்க டெர்மினேட்டர் முதல் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஏன்னா ஒரே கதை ரூல மாத்திக்கிட்டா என்ன ஆகும்னு அதுல நல்லா தெரியும். 1984ல வந்த முதல் படம் அச்சு அசல் ஃபிக்ஸட். 2029ல இருந்து கைல் ரீஸ், சாரா கானர காப்பாத்த வரான், கடைசில அவனே அவ பிள்ளை ஜானுக்கு அப்பா. அவன்கிட்ட சாராவோட போட்டோ ஒண்ணு இருந்திருக்கும், இந்த நேரத்துல இவ என்ன நெனச்சிட்டு இருந்தாளோன்னு அதைப் பாத்து யோசிப்பானாம். படம் முடியும்போது கைல் செத்துட்டான், சாரா மெக்சிகோல ஒரு பெட்ரோல் பங்க்ல நிக்கிறா, ஒரு பையன் அவள போட்டோ எடுக்கிறான், அந்த போட்டோ தான் அது. அவ அப்போ நெனச்சிட்டு இருந்தது கைல பத்தி. கேள்வியும் பதிலும் ரெண்டு பேருக்கும் தெரியாம ஒரு வட்டத்துல மாட்டிக்கிட்டு இருக்கு.

1991ல ரெண்டாவது படம். அதுல விதின்னு ஒண்ணு கிடையாதுன்னுட்டாங்க. ஆகஸ்ட் 29, 1997ல ஸ்கைநெட்ங்கிற கம்ப்யூட்டர் தொடங்குற போர்ல முன்னூறு கோடி பேர் சாகணும், இவங்க சிப்ப அழிச்சு அதை நிறுத்திடுறாங்க. படம் சூப்பர், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா கேளுங்க, போர் நடக்கலன்னா கைல யாரு அனுப்புனது? அனுப்பலன்னா ஜான் எப்படி பொறந்தான்? சிலேட்டுன்னா ஜான் காணாம போகணும். காணாம போகல, அப்போ கிளைன்னு தான் வச்சுக்கணும். கிளைன்னு வச்சுக்கிட்டா இன்னொரு கேள்வி வருது, அது தான் எல்லா கிளைக் கதையோட அடிமடியிலயும் கைய வைக்கும்: கைல் கிளம்பி வந்த உலகத்துல அந்த முன்னூறு கோடி பேர் செத்தது செத்தது தான். அவங்கள யாரும் காப்பாத்தல. இவங்க காப்பாத்துனது வேற ஒரு உலகத்த. அப்புறம் 2003ல வந்த மூணாவது படத்துல போர் தள்ளித் தான் போச்சு, நிக்கலன்னாங்க. 2019ல வந்ததுல ஸ்கைநெட் போயி லீஜியன்னு இன்னொண்ணு வந்துடுச்சு, ஜான ஆரம்பத்துலயே கொன்னுட்டாங்க. ஒரு தடவை மாத்தலாம்னு கதவ திறந்துட்டா அடுத்து வர்றவன் நீங்க ஜெயிச்சத ஒரு வரில அழிச்சுடுவான், நீங்க தடுக்க முடியாது.

லேரி நிவென் 1968ல ஒரு சிறுகதை எழுதுனாரு, ஆல் தி மிரியட் வேஸ்னு. எல்லா முடிவும் ஏதோ ஒரு கிளைல எடுக்கப்படுதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சதும் காரணமே இல்லாம தற்கொலையும் குற்றமும் பெருகுது. நான் நல்லவனா இருந்தா என்ன, எங்கயோ ஒரு நான் கெட்டவனா இருக்கப் போறானேங்கிற மனநிலை. கிளைக் கதை வாசகனுக்கும் இதே தான் நடக்கும், நாயகி செத்தாளா, பரவாயில்ல, பக்கத்துக் கிளைல இருக்கா.

அப்போ கிளை வேண்டாமான்னா, அப்படியும் இல்ல. அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் (2019) இதை ஓரளவு சமாளிச்சுது, எப்படின்னு பாத்தா உங்களுக்கு உதவும். அதுல ரூல் என்னன்னா, பழச மாத்துனா வேற கிளை தான் பிரியும், உன் வீட்டோட பழச நீ தொட முடியாது. அதனால அஞ்சு வருஷம் போனது போனது தான், நட்டாஷா செத்தது செத்தது தான், டோனிக்கு பொறந்த பொண்ணு இருக்கும். அதாவது கிளைன்னு பேரு, ஆனா வீட்டுக்குள்ள ஃபிக்ஸட். நஷ்டம் வீட்டுக் கணக்குல எழுதப்படுது. படத்துல அழுக வர்ற இடமெல்லாம் அந்த ஃபிக்ஸட் பக்கத்துல இருந்து தான் வருது, கவனிச்சுப் பாருங்க. ஓட்டை விழுந்ததும் கிளைப் பக்கத்துல தான். கடைசில கிழவனா பெஞ்ச்ல உக்காந்திருக்கிற கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் எந்தக் கிளைல வாழ்ந்துட்டு வந்தாருன்னு கேட்டப்ப திரைக்கதை எழுதுனவங்க ஒண்ணு சொன்னாங்க, டைரக்டருங்க வேற சொன்னாங்க. எழுதுனவங்களுக்கும் எடுத்தவங்களுக்குமே ஒத்துப் போகலன்னா பாத்துக்கங்க.

என் சொந்த டிராஃப்ட் ஒண்ணு சொல்றேன், நாலு வருஷமா இழுத்துட்டு இருக்கேன். 1994ல ஒரு அக்கா, வயசு இருபத்தொண்ணு, அவ ஏறுன பஸ் வெள்ளத்துல பாலத்துல இருந்து கவுந்துடுது. தம்பிக்கு அப்போ பத்து வயசு. முப்பது வருஷம் கழிச்சு, நாப்பது வயசுல, அவன் அந்த நாளுக்குத் திரும்பிப் போறான். முதல்ல கிளையா எழுதுனேன். அக்காவ ஏற விடாம தடுத்துட்டான், அக்கா வீட்டுக்குப் போறா, அங்க பத்து வயசுத் தம்பி கதவத் திறக்கிறான், இவன் தெருவுல நின்னு பாக்குறான். இதுவரைக்கும் நல்லா இருந்துச்சு. ஆனா இவன் திரும்பிப் போற வீட்டுல அம்மா இன்னும் அதே போட்டோக்கு மாலை மாத்திட்டு இருக்காங்க. இவன் காப்பாத்துனது இன்னொரு பையனோட அக்காவ. அதை ஒத்துக்கிட்டு அந்த வெறுமைலயே முடிச்சா அது ஒரு நல்ல கதை தான், இப்பவும் நம்புறேன். நான் தான் தைரியம் இல்லாம அவன அந்தப் புது கிளையிலேயே வாழ விட்டு சுபம் போட்டேன், படிச்ச ஃப்ரெண்ட் "அம்மாவ விட்டுட்டு ஓடிட்டானா"ன்னு ஒரே வரில கொன்னுட்டான்.

அடுத்து ஃபிக்ஸட்டா எழுதுனேன். முதல் முயற்சி கேவலம், அக்காவ அந்த பஸ்ல ஏத்தி விட்டதே இவன் தான்னு கடைசில ட்விஸ்ட். பாதில எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க, அது எல்லாரும் முதல்ல யோசிக்கிற ட்விஸ்ட். அப்புறம் தான் பேப்பர்ல கோடு போட்டேன். நடந்தது: பஸ் கவுந்துச்சு. வீட்டுல பாத்தது: அக்காவோட பை மட்டும் கிடைச்சது, உடம்பு கிடைக்கல. சந்து அங்க இருக்கு! அவ செத்தத யாரும் பாக்கல. அப்போ இவன் போறான், பஸ் ஸ்டாண்ட்ல அவளப் பாக்குறான், பை ஏற்கனவே சீட்டுல கிடக்கு, அவ தண்ணி குடிக்க இறங்கியிருக்கா. எப்படியோ பேசி நிறுத்துறான், பஸ் போயிடுது. அவ இவன "அண்ணே"ன்னு கூப்பிடுறா, வீட்டுல "டேய்"னு கூப்பிட்ட அதே வாயால. இவன் சொல்றான், அந்த பஸ் போய்ச் சேராது, நீ செத்துட்டன்னு உங்க வீட்டுல நெனைப்பாங்கன்னு. அவ அழல. "அப்ப என்னைத் தேட மாட்டாங்களாண்ணே?"ன்னு கேக்குறா. அடுத்த வாரம் அவளுக்குப் பிடிக்காத கல்யாணம், அது பத்து வயசுப் பையனுக்குத் தெரிஞ்சிருக்காது. முப்பது வருஷம் அம்மா அழுததுக்கு காரணம் இவன் சொன்ன அந்த ஒரு வரி. பந்து லேசா உரசுன மாதிரி. ஒண்ணுமே மாறல, பை வந்துச்சு, உடம்பு வரல, அம்மா மாலை போட்டாங்க, எல்லாம் அப்படியே. ஆனா கதை தலைகீழா ஆயிடுச்சு.

அதனால என் அபிப்பிராயம், அபிப்பிராயம் தான்: ஒரே மூச்சுல படிக்கிற சிறுகதை, ரெண்டு மணி நேரப் படம்னா ஃபிக்ஸட் தான் நல்லா வரும், ஏன்னா வட்டம் மூடுறப்ப வாசகன் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் பாப்பான். பல பாகம் போற தொடர்னா ஃபிக்ஸட் மூச்சு முட்டும், எல்லா முடிச்சும் முன்கூட்டியே போட்டு வச்சிருக்கணும். டார்க்னு ஜெர்மன் சீரிஸ் (2017 முதல் 2020 வரை) மூணு சீசன் தாக்குப் பிடிச்சுது, அவங்களுக்கே கடைசில வட்டத்துக்கு வெளிய ஒரு உலகம் தேவைப்பட்டுச்சு. தொடர் எழுதுறீங்கன்னா கிளை வச்சுக்கங்க, ஆனா கைவிட்ட உலகத்த கதாபாத்திரம் மறக்கக் கூடாது, ரூல எண்ட்கேம் மாதிரி வீட்டுக் கணக்க தொட விடாம வைங்க. ஃபிக்ஸட் எழுதுனா ஹீரோவுக்குக் குடுக்கிற வேலைய கவனிங்க. டுவெல்வ் மங்கீஸ் (1995) படத்துல ஹீரோவ வைரஸ நிறுத்த அனுப்ப மாட்டாங்க, அது முடியாதுன்னு அனுப்புறவங்களுக்கே தெரியும், தகவல் எடுத்துட்டு வான்னு தான் அனுப்புவாங்க. நிறுத்தணும்னு ஆசைப்படுறது அவனா சேத்துக்கிட்டது. அதனால தான் அவன் தோக்கும்போது வலிக்குது, ரூல் வந்து ஏமாத்துன மாதிரி தோணாது.

என் அக்கா கதை இன்னும் முடியல. முப்பது வருஷத்துல ஒரு லெட்டர் கூட ஏன் போடலன்னு என் மனைவி கேட்டா, கல்யாணத்துக்கு பயந்தவ சரி, அப்பா செத்ததுக்கு அப்புறமுமான்னு. டைம் டிராவல் ரூல் எதுவும் அதுக்கு பதில் சொல்லாது, அக்கா தான் சொல்லணும், அவ இன்னும் வாயத் திறக்கல. அதுவரைக்கும் அது டிராயர்ல தான் கிடக்கும். உங்க கதைல யாரு எங்க போறாங்கன்னு போட்டீங்கன்னா அந்தக் கோடு போட்டுப் பாக்குறதுக்கு நான் கூட உக்காருறேன்.